ஒரே ஒரு மாற்றம், அதுவும் சின்ன நிலையத்தில்

தாத்தாவுக்கு மறதி நோய். நடக்கத் தெம்பு இருக்கிறது. கூட்டம்தான் ஆகாது. நாலு பக்கமும் ஆட்கள் கடந்து போனால் எங்கே வந்திருக்கிறோம் என்பதே அவருக்குப் பிடிபடாமல் போய்விடும். அத்தை வீட்டுக்கு அவரை ரயிலில் கூட்டிப்போக வேண்டி வந்தபோது மூன்று வழிகள் இருந்தன.

சீக்கிரம் போகும் வழி நாலு மணி நேரம்தான். ஆனால் இரண்டு இடத்தில் மாற வேண்டும். அதில் ஒன்று பெரிய சந்திப்பு, பத்து நிமிடத்தில் மேம்பாலம் ஏறி இறங்கியாக வேண்டும். மாறாமலே போகும் வண்டியும் இருந்தது. யோசிக்காமல் அதை எடுத்திருப்பேன், ஆனால் அது போய்ச் சேர இரவாகிவிடும். பொழுது சாயச் சாய தாத்தாவுக்குக் குழப்பம் கூடும். மறதி நோய் உள்ள பலருக்கும் அப்படித்தான். இருட்டில், பழகாத நிலையத்தில் அவரை இறக்க எனக்குத் தைரியமில்லை. மூன்றாவது வழி ஐந்தரை மணி நேரம், ஒரே மாற்றம். அதுவும் சின்ன நிலையத்தில், அதே நடைமேடையின் எதிர்ப்பக்கம், ஐம்பது நிமிட இடைவெளியோடு. காலைக் கூட்டம் வடிந்தபின் கிளம்பினால் வெளிச்சத்திலேயே சேரலாம். அதற்கே டிக்கெட் எடுத்தேன்.

கிளம்பும் முன் அவர் பெயரும் என் போன் நம்பரும் எழுதிய அட்டையை அவர் சட்டைப் பையில் வைத்தேன். அன்று போட்டிருந்த உடையோடு ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டேன். தொலைந்தால் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

மாறும் இடத்தில் இறங்கியதும் முதல் வேலை கழிப்பறை. அதற்கு ஒரே வாசல்தானா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே அனுப்பினேன். இரண்டு வாசல் இருந்தால், நாம் ஒன்றில் காத்திருக்க அவர் மற்றதில் போய்விடுவார். காத்திருப்பு அறையில் டிவி அலறியது, அதனால் நடைமேடைக் கோடியில் சுவரோரம் இருந்த பெஞ்சுக்குப் போனோம். முதுகுக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் இல்லை என்றாலே அவர் பாதி அமைதியாகிவிடுவார். ஆட்கள் வரும் பக்கம் நான் உட்கார்ந்துகொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூட ஆரம்பித்தார். பதற்றம் வருவதற்கு அதுதான் அடையாளம்.

"எங்கடா போறோம்?"

"அத்தை வீட்டுக்கு, தாத்தா. வண்டி இங்கேயே வரும்."

திரும்பத் திரும்பக் கேட்டார். ஒவ்வொரு முறையும் வார்த்தை மாற்றாமல் அதையே சொன்னேன். "இப்பதானே சொன்னேன்" என்றால் அவருக்கு அவமானமாகிறது, குழப்பமும் ஏறுகிறது.

கோடியில் உட்காருவதில் ஒரு சிக்கல் உண்டு. குறைந்த பெட்டிகள் உள்ள வண்டி அதுவரை வராது. எங்கள் பெட்டி எங்கே நிற்கும் என்று நிலைய ஊழியரிடம் கேட்டு, பத்து நிமிடம் முன்னாலேயே மெதுவாக நடந்து அங்கே போய் நின்றோம். இறங்குகிறவர்கள் எல்லோரும் இறங்கட்டும் என்று விட்டு, கடைசியாக ஏறினோம். அவருக்கு ஜன்னல் சீட், எனக்கு நடைபாதைப் பக்கம்.