பெரிய இடத்துக்கு அனுப்ப முன் மூன்று பேரிடம் காட்டினேன்

கொழும்பில் இருக்கும் ஒரு சஞ்சிகையின் படத் தொகுப்பாளருக்கு என் படங்களை அனுப்ப வேண்டும் என்பது நீண்ட நாள் ஆசை. மின்னஞ்சலும் எழுதி, 42 படங்களை கூகுள் டிரைவில் போட்டு இணைப்பையும் ஒட்டிவிட்டேன். அவ்வளவு வேலையுள்ள ஒருவர் என் படங்களை இரண்டாம் முறை திறந்து பார்ப்பார் என்று நம்ப முடியாது. அதனால் அனுப்ப முன், தொழிலில் என் மட்டத்தில் நிற்கும் மூன்று பேரிடம் காட்டினேன். ஒருவர் கிண்ணியாவில் கலியாணப் படம் எடுக்கும் நானா. மற்றவர் என்னோடு படித்த தோழி, திருகோணமலை டவுனில் ஓர் அச்சகத்தில் வடிவமைப்புச் செய்கிறார். மூன்றாவது, நிலாவெளியில் சுழியோடிகளோடு கடலுக்குள் இறங்கிப் படம் எடுக்கும் தம்பி.

நானாவுக்கு இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "எப்பிடி இருக்கு?" என்று கேட்டேன். "வடிவா இருக்கு தம்பி" என்று உடனே பதில் வந்தது. அதே இணைப்பைத் தோழிக்கு அனுப்பினால், "திறக்குதில்ல, Request access எண்டு கேக்குது" என்றார். பகிர்வு Restricted என்ற நிலையிலேயே இருந்திருக்கிறது. நானா படங்களைப் பார்க்கவேயில்லை, என் மனம் நோகக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். Anyone with the link என்று மாற்றினேன். கேட்கும் விதத்தையும் மாற்ற வேண்டும் என்று அப்போதுதான் பட்டது.

42 படங்களையும் ஸ்டூடியோவில் 4x6 அளவில் கழுவி எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் போனேன். மூவரையும் ஒன்றாக இருத்தினால் முதலில் வாய் திறப்பவரின் கருத்தே எல்லாருடையதும் ஆகிவிடும். மேசையில் பரப்பி, "இதில 25 படத்தைத் தூக்குங்கோ" என்று மட்டும் சொன்னேன். நல்லதைத் தெரிவு செய்யச் சொன்னால் மரியாதைக்காகத் தயங்குவார்கள். தூக்கச் சொன்னால் கை தானாகப் போகிறது. நான் ஒரு விளக்கமும் சொல்லாமல், எது முதலில் போகிறது என்று கொப்பியில் குறித்துக்கொண்டேன்.

மூவரும் முதல் ஐந்துக்குள் தூக்கியது என் திமிங்கிலப் படத்தை. அதற்காக நான்கு நாள் விடியப்புறம் படகில் போயிருக்கிறேன். படத்தில் தெரிவதோ தூரத்தில் ஒரு கறுத்த முதுகு. நான் பட்ட பாடு பார்ப்பவருக்குத் தெரியாது. கோணேசர் கோயில் மலையில் எடுத்த சூரிய உதயங்கள் ஆறில் ஐந்தும் போயின.

பிறகு என் அறிமுகப் பக்கத்தைப் போனில் காட்டி, அரை நிமிடத்தில் வாங்கிக்கொண்டு, "நான் என்ன படம் எடுக்கிறவன்?" என்று கேட்டேன். நானா "கலியாணம்" என்றார், தம்பி "டிரோன்" என்றான், தோழி "எல்லாம்" என்றார். நான் ஐந்து வருடமாக எடுப்பது கரைவலை இழுப்பவர்களை. அதை ஒருவரும் சொல்லவில்லை, ஏனென்றால் அது ஏழாவது வரியில் கிடந்தது. இப்போது அதுதான் முதல் வரி. பிறந்தநாள், டிரோன் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.

எனக்குப் பெரிதாக உதவியது தம்பி கேட்ட ஒரு கேள்வி. கரைவலைப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, "அண்ண, வலை வளைக்கிறது இருக்கு, கயிறு இழுக்கிறது இருக்கு. மடி எங்க?" என்றான். மீன் வந்து சேரும் அந்த மடி கரையேறும்போது எல்லாரும் ஓடிவந்து சூழ்வார்கள், தண்ணீர் தெறிக்கும். நான் கமரா நனைந்துவிடும் என்று பயந்து ஒவ்வொரு முறையும் பின்னால் போய்விடுவேன். ஐந்து வருடமாக முடிவில்லாத கதையைத்தான் எடுத்திருக்கிறேன். அடுத்த இரண்டு கிழமையும் சாம்பல்தீவுக்குப் போய் முழங்கால் தண்ணீரில் நின்று மடியை எடுத்தேன்.

சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. பாதி முகம் நிழலில் இருக்கும் ஒரு முதியவரின் படத்தை நானா உடனே தூக்கினார். தம்பி அதைத்தான் கடைசிவரை வைத்திருந்தான். கலியாண வீட்டில் முகம் தெளிவாகத் தெரியாவிட்டால் காசு வராது, நானாவின் கண் அப்படிப் பழகியது. என் படத்தைப் பார்க்கப் போகிறவர் கலியாண வீட்டார் இல்லை, அதனால் வைத்துக்கொண்டேன். இரண்டு பேர் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே குறையைச் சொன்னால் திருத்தினேன். ஒருவர் மட்டும் சொன்னதை, அவர் யாருக்காகப் படம் எடுப்பவர் என்று யோசித்துப் பார்த்தேன்.

கடைசியில் 14 படங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே இடமும் மாதமும் எழுதி அனுப்பினேன். ஒன்பதாம் நாள் பதில் வந்தது. மடிப் படத்தின் பெரிய கோப்பு வேண்டும், படத்தில் முன்னுக்கு நிற்பவரின் பெயர் என்ன, வெளியிட அவருக்குச் சம்மதமா என்று கேட்டிருந்தார். நான் அவரிடம் பெயர்கூடக் கேட்டிருக்கவில்லை. அந்தப் படத்தையே கழுவி எடுத்துக்கொண்டு அடுத்த நாள் காலை வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியைத் தேடிச் சாம்பல்தீவுக்குப் போனேன்.