ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தால்

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன மெஷினிங் பட்டறையில் பிளானிங் பார்த்துக்கொண்டிருந்தேன். பம்பு கேசிங், வால்வு பாடி என்று இரண்டே உருப்படிகள். வார்ப்பு வந்ததும் முதலில் லேத்தில் கடைசல், அப்புறம் விஎம்சி என்கிற கம்ப்யூட்டர் மில்லிங் மெஷினில் துளையும் முகப்பும். மூன்று ஷிப்டு ஓட்டினாலும் செட்டிங், பழுது எல்லாம் கழிய, வாரத்துக்கு விஎம்சியில் 100 மணியும் லேத்தில் 90 மணியும்தான் உருப்படியாகக் கிடைக்கும்.

ஒரு நாள் சேதராப்பட்டில் இருக்கும் ஒரு பட்டறைக்காரர் போன் செய்தார். தன் விஎம்சி சும்மா நிற்கிறது, மணிக்கு 650 ரூபாய், ஆள், கரண்ட், வெட்டும் முனையான இன்சர்ட் எல்லாம் அவர் பொறுப்பு என்றார். முதலாளிக்கு உடனே பிடித்துவிட்டது. “தம்பி, வாரத்துக்கு 72,000 நிக்குது, அதை 100 மணியால வகுத்துப் பாரு. மணிக்கு 720. அவன் 650 கேக்கறான். இதுல என்ன யோசனை?” என்றார்.

கணக்கு தப்பில்லை, கேள்விதான் வேறு. 720 என்பது ஏற்கெனவே ஓடிய 100 மணியின் சராசரி. நமக்கு வேண்டியது 101-வது மணி எவ்வளவு கொண்டுவரும் என்பது. அந்த எண்ணுக்குத்தான் நிழல் விலை என்று பெயர். நான் படித்த காலத்தில் அதைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்ததோடு சரி. லெனின்கிராட்டில் ஒரு ஒட்டுப்பலகை நிறுவனத்தின் மெஷின்களுக்கு வேலையைப் பங்கிடப்போய்த்தான் சோவியத் கணித அறிஞர் கான்டரோவிச் 1939-இல் இந்த எண்களைக் கண்டெடுத்தார் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அவருக்கும் மெஷின் மணிதான் தொல்லை!

எங்கள் கணக்கு இவ்வளவுதான். கேசிங்கை A என்றும் வால்வு பாடியை B என்றும் லாட் கணக்கில் வைத்துக்கொள்வோம். வார்ப்பு, கரண்ட், இன்சர்ட் செலவு போக A-இல் லாட்டுக்கு 900 ரூபாயும், B-இல் 1200 ரூபாயும் நிற்கும். A ஒரு லாட்டுக்கு விஎம்சியில் ஒரு மணி, லேத்தில் ஒன்றரை மணி. B ஒரு லாட்டுக்கு விஎம்சியில் இரண்டு மணி, லேத்தில் ஒரு மணி. B-க்கு ஆர்டர் வாரத்துக்கு 36 லாட்டுக்கு மேல் கிடையாது.

```
Max 900A + 1200B
A + 2B <= 100      (விஎம்சி)
1.5A + B <= 90     (லேத்)
B <= 36            (ஆர்டர்)
```

எக்செல்லின் Solver-இல் போட்டால் A 40 லாட், B 30 லாட், மொத்தம் 72,000. நாங்கள் ஓட்டிக்கொண்டிருந்ததும் ஏறக்குறைய அதுதான். பிறகு Sensitivity Report-ஐத் திறந்தால் விஎம்சி வரிசையில் Shadow Price 450 என்று நிற்கிறது. (லாட் முழு எண்ணாக வரட்டும் என்று int போட்டுவிட்டால் இந்த ரிப்போர்ட்டே கிடைக்காது. அதில் ஒரு மதியம் வீணாகப் போயிற்று.)

450-ஐ முதலாளி நம்பவில்லை. “கேசிங் லாட்டுக்கு விஎம்சி ஒரு மணிதானே, அதுல 900 நிக்குதே?” என்றார். நியாயமான கேள்வி. ஆனால் அந்த ஒரு லாட் கேசிங்குக்கு லேத்தில் ஒன்றரை மணி வேண்டும், லேத்தில் ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை. அப்படியானால் கூடுதல் விஎம்சி மணியை எப்படித்தான் பயன்படுத்துவது? கேசிங்கைக் குறைத்துத்தான். அரை லாட் கேசிங்கை விட்டுக்கொடுத்தால் லேத்தில் முக்கால் மணி விடுபடும், விஎம்சியில் அரை மணி விடுபடும். அந்த அரை மணியும் வெளியே வாங்கிய ஒரு மணியும் சேர்ந்தால் ஒன்றரை மணி. முக்கால் லாட் வால்வு பாடிக்கு லேத்தில் முக்கால் மணி, விஎம்சியில் ஒன்றரை மணி, சரியாகப் பொருந்துகிறது. வரவு 900, விட்டுக்கொடுத்தது 450, மிச்சம் 450. டீ கிளாஸை நகர்த்திவிட்டு டெலிவரி சலானின் பின்பக்கத்தில் இதை எழுதிக் காட்டிய பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. மெஷின் மணியைக் கூட்டினால் ஒரு உருப்படி குறையும் என்பதுதான் அவருக்குப் புதிதாக இருந்தது. எனக்கும்தான்.

அப்படியென்றால் 450-க்கு மேல் கொடுக்கவே கூடாதா? அங்கேயும் ஒரு வழுக்கல் இருக்கிறது. 450 என்பது நம் மெஷினின் ஓட்டுச் செலவைக் கழித்த பிறகு நிற்கும் காசு. விஎம்சி மணிக்குக் கரண்டும் இன்சர்ட்டும் சேர்த்து 100 ரூபாய் ஆகும். சேதராப்பட்டில் ஓடினால் அந்த 100-ஐ அவர் ஏற்கிறார். ஆகவே அவருக்குக் கொடுக்கலாகும் உச்சம் 550. அதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் நம் கையிலிருந்து போவதுதான். 650 என்றால் மணிக்கு 100 ரூபாய் நஷ்டம், வேலை மட்டும் மும்முரமாக நடப்பதுபோல் தெரியும்.

பேரம் பேசி 500-க்கு இறக்கினார் முதலாளி. ஆனால் வாரத்துக்குக் குறைந்தது 16 மணி எடுக்க வேண்டும் என்று சேதராப்பட்டுக்காரர் பிடிவாதமாக நின்றார். ரிப்போர்ட்டில் பக்கத்திலேயே Allowable Increase என்ற பத்தி இருக்கிறது, அதில் 8 என்று இருந்தது. முதல் எட்டு மணி வரைதான் 450 செல்லும். விஎம்சி 108 மணியைத் தொடும்போது வால்வு பாடி 36 லாட்டை எட்டிவிடும், ஆர்டர் தீர்ந்தது. கேசிங்கைக் கூட்டவும் லேத் இல்லை. ஒன்பதாவது மணியின் விலை பூஜ்யம். 16 மணிக்கு 8,000 கொடுத்து, எட்டு மணிக்கு 550 வீதம் 4,400 ரூபாய்ப் பயனை வாங்குவதா? வேண்டாம் என்றுவிட்டோம்.

அதற்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமை ஒரு ஷிப்டு எங்கள் மெஷினையே ஓட்டினோம். ஆபரேட்டர், அளவு பார்ப்பவர் இருவருக்கும் இரட்டைக் கூலி, சேர்த்து மணிக்கு 300. எட்டு மணிக்கு 2,400. செட்டிங் போக ஏழு மணி ஓடும், 450 வீதம் 3,150. இங்கே ஓட்டுச் செலவு ஏற்கெனவே கழிந்துவிட்டதால் 100-ஐக் கூட்டக்கூடாது. வாரத்துக்கு 750 ரூபாய் லாபம். பெரிய காசில்லை, ஆனால் லாபம்தான்.

மூன்று மாதம் கழித்து வால்வு பாடி வாங்கும் கம்பெனி ஆர்டரை 36 லாட்டிலிருந்து 28-ஆகக் குறைத்தது. வாரத் திட்டத்தை மாற்றினேன், ஞாயிற்றுக்கிழமை ஷிப்டை மாற்ற மறந்துவிட்டேன். என் தப்புதான். இரண்டு ஞாயிறு அப்படியே போயிற்று. எனக்கு உறைத்தது எக்செல்லைப் பார்த்தல்ல. ஒரு வெள்ளிக்கிழமை விஎம்சி ஆபரேட்டர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார், லேத்துக்கு முன்னால் கேசிங் வார்ப்பு இடுப்பு உயரத்துக்குக் குவிந்து கிடக்கிறது. உள்ளே போய்க் கணக்கைத் திரும்ப ஓட்டினேன். B 28, A 41-க்குச் சற்று மேல், விஎம்சியில் இரண்டரை மணிக்கு மேல் மிச்சம். நிழல் விலை பூஜ்யம். லேத் மணியின் நிழல் விலை, முன்பு 300 ஆக இருந்தது, 600-க்கு ஏறியிருந்தது.

“அப்போ ரெண்டு ஞாயித்துக்கிழமை கூலி 4,800 எதுக்குடா குடுத்தோம்?” என்றார் முதலாளி. பதில் சொல்லவில்லை. கடைசல் வேலையை மணிக்கு 350-க்குச் செய்துதரும் ஒரு லேத் பட்டறையின் நம்பரை நீட்டினேன். மத்தியானம் ஒரு குட்டி யானை வந்து, குவிந்து கிடந்ததில் பாதியை ஏற்றிக்கொண்டு போனது.