ஒன்றாம் தேதி வேலைகள்

மாதம் பிறந்தால் என் போனில் மூன்று அலாரம்: கேஸ், வாட்டர் ஃபில்டர், டயர் காற்று.

கேஸ் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க ஈரத்துணி போதும். சிலிண்டரை மேலிருந்து கீழே துடைத்துவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். உள்ளே திரவம் இருக்கும் உயரம் வரை ஈரம் மெதுவாகத்தான் காயும், அதற்கு மேலே சீக்கிரம் காய்ந்துவிடும். அந்தக் கோடு கால்வாசிக்கு இறங்கினால் அன்றைக்கே புக் செய்துவிடுவேன்.

புது சிலிண்டர் வந்ததும் கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டைகளின் உள்பக்கம் பாருங்கள். ஆங்கில எழுத்து ஏ முதல் டி வரை நான்கு காலாண்டுகள், பக்கத்தில் வருடம். பி-27 என்றால் 2027 ஜூனுக்குள் அதைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். தேதி தாண்டியிருந்தால் வாங்காதீர்கள். காலி எடையும் அங்கேயே இருக்கும். அதோடு 14.2 கிலோ கூட்டினால் மொத்த எடை. சந்தேகமா, கொண்டு வருபவரிடம் எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள், கூச்சமே வேண்டாம்.

அப்புறம் டயர். காலையில் வண்டி ஓடுவதற்கு முன் பார்ப்பதுதான் சரி. ஓடிச் சூடான டயர் அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும். காரில் எவ்வளவு வேண்டும் என்பது டிரைவர் பக்கக் கதவோரம் ஸ்டிக்கரில் இருக்கும்.

ஃபில்டரா? வெளியே மாட்டியிருக்கும் வெள்ளைக் குழல் பழுப்பானால் மாற்றிவிடுவேன், அவ்வளவுதான்.