மூக்கில்லாத நாட்கள்

பிப்ரவரி 9
காய்ச்சல் விட்டுப் பதினாறு நாள் ஆகிறது. சளி இல்லை, அடைப்பு இல்லை. வாசனையும் இல்லை.

பிப்ரவரி 10
உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு நான்கும் நாக்கில் விழுகின்றன. ஆனால் காபி வெறும் கசப்பான வெந்நீராக இருக்கிறது. ருசி என்று நான் நம்பிக்கொண்டிருந்ததில் பெரும்பங்கு மூக்கின் வேலையாம். வாயில் மெல்லும்போது தொண்டைக்குப் பின்னால் வழியாக மேலே ஏறும் வாசனைதான் அது.

பிப்ரவரி 14
கை இன்னும் நடுங்குகிறது. பால் பொங்கி அடுப்பு அணைந்திருக்கிறது. திருகு திறந்தபடியே இருந்தது. நான் இரண்டடி தள்ளி நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். மகள் உள்ளே வந்து "அம்மா, கேஸ்!" என்று கத்திய பிறகுதான் தெரியும். விளக்கு ஸ்விட்சை நோக்கிக் கை போனது, அதையும் அவள்தான் தடுத்தாள். ஸ்விட்சில் தெறிக்கும் சின்னப் பொறியே போதும். திருகை மூடினோம், ரெகுலேட்டரை அணைத்தோம், கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே போய் நின்றோம்.

பிப்ரவரி 15
இரவு மூன்று முறை எழுந்து திருகைப் பார்த்தேன்.

பிப்ரவரி 17
டாக்டர் மூக்குக்குள் கேமரா விட்டுப் பார்த்தார். அடைப்பு எதுவும் இல்லை. வைரஸ் மூக்கின் உச்சியில் இருக்கும் மெல்லிய முகர்வுப் படலத்தைக் கெடுத்திருக்கிறது, அது மெதுவாக வளரும், மாதங்கள் ஆகலாம் என்றார். முகர்வுப் பயிற்சி சொன்னார்: நான்கு ஜாடிகளில் ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் எண்ணெய். காலையும் இரவும், ஒவ்வொன்றையும் சுமார் இருபது விநாடி, இடையில் சிறு ஓய்வு. குறைந்தது 12 வாரம். ஆழமாக இழுக்க வேண்டாம், குட்டிக் குட்டியாக முகர்ந்தால் போதும். முகரும்போது அந்த வாசனையை மனதில் நினைத்துக்கொள்ள வேண்டும்.

பிப்ரவரி 20
யூகலிப்டஸ் தெரிந்தது! தெரிந்தது என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 21
இல்லை. டாக்டரிடம் போனில் கேட்டேன். நான் உணர்ந்தது குளிர்ச்சி. அதைச் சொல்வது முகத்தின் தொடுவுணர்வு நரம்பு. மிளகாயின் காரமும் அதே வழியாகத்தான் வருகிறது. வாசனை அல்ல. அழுதேன். அப்புறம் இரவுப் பயிற்சியை விடாமல் செய்தேன்.

பிப்ரவரி 26
கேஸ் அலாரம் வந்தது. பொருத்த வந்தவர் கூரையை ஒட்டி மாட்டிவிட்டுப் போனார். கையேட்டைப் படித்தபோது வயிறு கலங்கியது. சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். அலாரம் தரையிலிருந்து ஓரடிக்குள் இருக்க வேண்டும். குழாயில் வரும் இயற்கை எரிவாயு லேசானது, மேலே ஏறும். கூரைக்கு அருகில் மாட்டுவது அதற்குத்தான். எங்களுடையது சிலிண்டர். மறுபடி கூப்பிட்டுக் கீழே மாற்றச் சொன்னேன். இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். பரிசோதனைப் பொத்தானை அழுத்தினால் சத்தம் வருவது, பல கருவிகளில் ஒலிப்பான் வேலை செய்கிறது என்பதற்கு மட்டுமே சான்று. சென்சாருக்குக் காலாவதித் தேதி உண்டு. அதைப் பெட்டியின் மேல் பெரிதாக எழுதி ஒட்டினேன்.

பிப்ரவரி 27
திருகை இரண்டு முறை பார்த்தேன்.

மார்ச் 8
ஃபிரிட்ஜில் இருந்த குழம்பைச் சூடாக்கிச் சாப்பிட்டேன். மகள் மூடியைத் திறந்து முகம் சுளித்தாள். எப்போது வைத்தது என்று எனக்கே நினைவில்லை. இனி எல்லாப் பாத்திரத்திலும் தேதி எழுதி ஒட்டுவேன். சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போக வேண்டும், மூன்று நாளில் தீர வேண்டும், தீராவிட்டால் குப்பை. 'கொஞ்சம் ருசித்துப் பார்க்கலாம்' என்பதே இல்லை. நோய் தரும் கிருமிகள் பல சமயம் நாற்றமே காட்டாது, அதனால் மூக்கு இருந்த காலத்திலும் அதை நான் அளவுக்கு மீறி நம்பியிருக்கிறேன்.

மார்ச் 9, 10, 11
ஒன்றுமில்லை. நான்கு ஜாடியும் வெறும் கண்ணாடி.

மார்ச் 29
கிராம்பு. ஒரு கணம். உறுதியாகக் கிராம்புதான்.

ஏப்ரல் 12
காபி எரிந்த ரப்பராக நாறுகிறது. வெங்காயம் வதங்கினால் அறையை விட்டு ஓடுகிறேன். நரம்புகள் மறுபடி இணையும்போது தவறாகக் கோத்துக்கொள்வதால் இப்படி வரும், பலருக்கு இது மீளும் வழியில் ஒரு கட்டம் என்கிறார் டாக்டர். நம்பப் பார்க்கிறேன். சூடாக இல்லாத, வறுக்காத உணவுதான் இறங்குகிறது.

ஏப்ரல் 15
கேஸில் கலக்கும் அந்தக் கெட்ட வாசனை எனக்கு இனி எப்படி மணக்கும்? இந்த ரப்பர் போலவா? கசிவு என்று தெரியாமல் 'என் மூக்கின் கோளாறு' என்று விட்டுவிட்டால்? எதுவும் நாறாத நாட்களைவிட இது பயமாக இருக்கிறது. அன்று ஒன்றுமே தெரியாது என்பதாவது நிச்சயமாகத் தெரிந்திருந்தது. அலாரம் இருக்கட்டும். மூக்கு முழுதாகத் திரும்பினாலும் இருக்கட்டும். சோப்புத் தண்ணீரை ரப்பர் குழாயிலும் இணைப்புகளிலும் தடவிப் பார்த்தேன், குமிழி வரவில்லை.

ஏப்ரல் 30
எலுமிச்சை, மங்கலாக. ரோஜா இல்லை.

மே 6
எண்ணெயின் வீரியம் குறைந்திருக்கலாம் என்று நான்கு ஜாடியையும் புதிதாக நிரப்பினேன். பால் வைத்தேன், பொங்கும்வரை அங்கேயே நின்றேன்.

மே 7
ரோஜா