முப்பது பேருக்கு சங்ரியா: ஓசூர் மொட்டைமாடிக் குறிப்புகள்

மே 14, செவ்வாய்

சனிக்கிழமை எங்கள் மொட்டைமாடியில் முப்பது பேர் கூடுகிறோம். குடிக்க சங்ரியா, அதாவது ஒயினில் பழத்தை ஊறவைத்துச் செய்யும் குளிர்பானம். ஆளுக்கு 150 மில்லி கிளாஸ் இரண்டு என்றால் 9 லிட்டர் வேண்டும். அதில் ஒயின் பாதிதான்: 750 மில்லி பாட்டில் ஆறு, நாலரை லிட்டர். மீதி ஆரஞ்சு ஜூஸ், கொஞ்சம் பிராந்தி, சோடா, உருகும் ஐஸ்.

விலை உயர்ந்த ஒயின் இதற்கு வீண். பழமும் சர்க்கரையும் அதன் நுணுக்கத்தை மூடிவிடும். ஆனால் மலிவிலும் தேர்வு உண்டு. போர்ட் ஒயின் ஏற்கெனவே தித்திப்பு. பழம் சேர்ந்தால் திகட்டும். இனிப்பில்லாத, மரப்பீப்பாயில் ஊறாத, இளம் சிவப்பு ஒயினே சரி.

மே 16, வியாழன்

மூன்று மலிவு ஒயின்களில் ஒவ்வொரு பாட்டில் வாங்கி, கொஞ்சம் ஊற்றி ஐஸில் கால் மணி நேரம் வைத்துக் குடித்துப் பார்த்தோம். சாதாரணச் சூட்டில் மூன்றும் ஒன்றுபோலத்தான் இருந்தன. குளிர்ந்ததும் ஒன்று ஈறைப் பிடித்து இழுத்தது, பச்சை வாழைக்காயைக் கடித்த மாதிரி. துவர்ப்பு குளிரில்தான் தலைகாட்டும். சர்க்கரை போட்டாலும் போகாது. அதை விலக்கினோம். மிச்ச இரண்டில் விலை குறைந்ததையே எடுத்தாயிற்று.

மே 17, வெள்ளி இரவு

ஆப்பிளைத் தோலோடு சிறு துண்டாக்கி, 375 மில்லி பிராந்தியும் சர்க்கரைப் பாகும் ஊற்றி ஒரு மணி நேரம் வைத்தேன். பாகுதான் வேண்டும், சர்க்கரையை அப்படியே கொட்டினால் குளிர்ந்த ஒயினில் கரையாமல் அடியில் தங்கும். பிறகு பாதியாக வெட்டிய திராட்சையையும் ஆறு பாட்டிலையும் சேர்த்து, எவர்சில்வர் அண்டாவில் மூடி, ஃபிரிட்ஜில் ஏற்றினோம். அலுமினியப் பாத்திரம் கூடாது, புளிப்பு அதோடு வேலை செய்யும்.

“ஆரஞ்சையும் இப்பவே போட்டுடலாமே மாமா?” என்றான் மச்சான். கூடாது. தோலுக்கு அடியிலுள்ள வெள்ளைச் சவ்வு இரவெல்லாம் ஊறினால் கசப்பை இறக்கிவிடும். எலுமிச்சைக்கும் அதே கதை.

மே 18, சனி

மாலை ஏழு மணிக்கு விருந்து. மூன்று மணிக்கு ஆரஞ்சு வட்டங்கள், ஐந்து மணிக்கு கிருஷ்ணகிரி மாம்பழம். சீசன் நேரத்தில் மாம்பழம் இல்லாமல் எப்படி? செந்தூரா கனிந்தால் ஒயினில் கூழாகிக் கலங்கும். பெங்களூரா கொஞ்சம் கெட்டியாக இருக்கும்போதே வெட்டினால் துண்டின் ஓரம் மட்டும் சிவந்து, உள்ளே மஞ்சள் அப்படியே நிற்கிறது. இரண்டு மணி நேரம் போதும்.

ஜூஸ் ஒரு லிட்டரைக் கடைசியில் கலந்தேன். சோடாவை அண்டாவில் ஊற்றவில்லை. ஜக்கில் எடுக்கும்போது மட்டும் சேர்த்தோம், ஐஸ் கிளாஸில். எல்லாம் கலந்த பிறகும் 8 சதவீத ஆல்கஹால் இருக்கும். இனிப்பில் அது நாக்குக்குத் தெரியாது. ஊறிய பழத்திலும் சரக்கு இருக்கிறது என்பதால் பிள்ளைகளுக்கு மாம்பழமும் ஜூஸும் வேறு பாத்திரத்தில், வேறு மேசையில்.

மிஞ்சியதைப் பழமில்லாமல் வடிகட்டி பாட்டிலில் அடைத்தேன். சோடா சேராததால் நாளைக்கும் ஆகும்.