ஸ்டோர் தட்டுக்கும் பெட்டிக்கும் லேபிள்: பார்கோடா, கியூஆரா?

சுங்கை சிப்புட்டில் மாமா நடத்தும் கடையின் ஸ்டோரை ஒழுங்குபடுத்தும் வேலை ஒருவழியாக லேபிள் கட்டத்துக்கு வந்திருக்கிறது. தோட்டங்களிலிருந்து வரும் புல்வெட்டும் மிஷின், மருந்து அடிக்கும் பம்பு, செயின்சா ஆகியவற்றைப் பழுதுபார்க்கும் கடை அது. ஸ்டோர் சின்னதுதான். ஆனால் தகரக் கூரைக்குக் கீழே இரும்பு ஆங்கிள் தட்டுகளில் கார்புரேட்டர், கேஸ்கெட், ஸ்பார்க் பிளக், ஸ்டார்ட்டர் கயிறு என்று பிளாஸ்டிக் பெட்டிகள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன.

கவுண்டரில் சிவப்புக் கோடு அடிக்கும் பழைய லேசர் ஸ்கேனர் ஒன்று இருக்கிறது. "அதான் மிஷின் இருக்கே, பார்கோடே ஒட்டிடு" என்றார் மாமா. அந்த ஸ்கேனர் கோடுகளை மட்டுமே படிக்கும். கியூஆர் படிக்க, படம் பிடித்துப் படிக்கும் 2டி ஸ்கேனரோ கைப்பேசியோ வேண்டும். ஸ்டோருக்குள் எல்லார் கையிலும் இருப்பது கைப்பேசிதான். ஸ்டோர் கணக்கை Google Sheets-இல் வைத்து, AppSheet மூலம் ஸ்கேன் செய்யப்போகிறோம். அந்த ஆப் இரண்டு வகையையும் படிக்கும். ஆகவே எந்தக் கருவி படிக்கும் என்பதைவிட, ஒட்டப்போகிற இடத்தில் எது தடிப்பாக அச்சாகும் என்பதே எனக்குக் கேள்வியாக இருந்தது.

அதற்கு முன் லேபிளில் என்ன எழுதுவது என்று முடிவு செய்ய வேண்டும். ரேக், தட்டு, பெட்டி மூன்றையும் சேர்த்து R2-T3-04 என்று எழுதும் பழக்கம் பல இடங்களில் உண்டு. பெட்டியை யாராவது வேறு தட்டுக்கு மாற்றிய அன்றே அந்த லேபிள் பொய்யாகிவிடும். எங்கள் ஸ்டோரில் பெட்டிகள் அடிக்கடி நகரும். அதனால் தட்டுக்குத் தனி எண், பெட்டிக்குத் தனி எண் என்று பிரித்தேன். தட்டு T12, பெட்டி P104. பெட்டியை நகர்த்தினால் முதலில் பெட்டியையும் பிறகு தட்டையும் ஸ்கேன் செய்தால் போதும், லேபிளைத் தொட வேண்டியதில்லை. உள்ளே என்ன பொருள், எத்தனை என்பது கணக்கில் மட்டும் இருக்கும். O, I இரண்டையும் தவிர்த்தேன். பூஜ்யத்தையும் ஒன்றையும் குழப்பிக்கொள்ள அவை போதும்.

எண் சுருங்கியதும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் லேபிள் 40 மிமீ அகலம், 30 மிமீ உயரம். பிரிண்டர் 203 டிபிஐ, அதாவது மில்லிமீட்டருக்கு 8 புள்ளி. பார்கோடின் மிக மெல்லிய கோடும் சரி, கியூஆரின் ஒரு கட்டமும் சரி, முழுப் புள்ளிகளாகத்தான் அச்சாக வேண்டும். பார்கோடின் Code 128 வகையில், மிக மெல்லிய கோட்டின் அகலத்தை ஒரு பங்கு என்று வைத்தால், ஓர் எழுத்துக்கு 11 பங்கு அகலம் போகும். தொடக்கம், சரிபார்ப்பு, முடிவு மூன்றுக்கும் சேர்த்து 35 பங்கு. இரண்டு பக்கமும் தலா 10 பங்கு வெள்ளை விட வேண்டும். P104 என்ற நான்கு எழுத்துக்கு மொத்தம் 99 பங்கு. மெல்லிய கோட்டுக்கு 3 புள்ளி கொடுத்தால் அகலம் 37 மிமீ ஆகிறது. லேபிள் சுருள் ஓரிரு மில்லிமீட்டர் விலகி ஓடினாலே ஓர வெள்ளை குறைந்து, ஸ்கேனர் திணறும்.

கியூஆரின் மிகச் சின்ன அளவு 21 கட்டம், சுற்றிலும் 4 கட்டம் வெள்ளை, ஆக 29. ஒரு கட்டத்துக்கு 6 புள்ளி கொடுத்தாலும் 22 மிமீக்குள் அடங்குகிறது. பக்கத்தில் எண்ணைப் பெரிதாக எழுதவும் இடம் மிச்சம். ஒரே லேபிளில் பார்கோடின் மெல்லிய கோடு 0.375 மிமீ, கியூஆர் கட்டம் 0.75 மிமீ. சரியாக இரண்டு மடங்கு. மேல் தட்டில் இருக்கும் பெட்டியைக் கீழே நின்று கைப்பேசியில் பிடிக்கும்போது இந்த வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. பார்கோடுக்குக் கையை நீட்டி, கேமரா தெளிவாகும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கியூஆரை நின்ற இடத்திலிருந்தே கைப்பேசி படித்துவிட்டது.

கியூஆரில் பெரிய எழுத்தை மட்டும் பயன்படுத்துங்கள். பெரிய எழுத்து, எண், சில குறிகள் என்றால் லேபிள் கொஞ்சம் சேதமானாலும் படிக்க உதவும் பழுது திருத்தத்தின் மிக உயர்ந்த நிலையான H-இலும் அந்தச் சின்ன 21 கட்டத்துக்குள் 10 எழுத்து அடங்கும். சிறிய எழுத்து கலந்தால் 7 மட்டுமே. அதைத் தாண்டினால் 25 கட்டத்துக்குப் போய், ஒவ்வொரு கட்டமும் மெலிந்துவிடும். இணைய முகவரியை உள்ளே வைத்தாலும் இதே கதிதான்.

அடுத்தது கிரீஸ் சோதனை. பட்டறையில் வேலை செய்யும் தம்பி கிரீஸ் படிந்த கட்டை விரலை இரண்டு லேபிளிலும் அழுத்தினான். பார்கோடில் மேலிருந்து கீழ்வரை அப்பியதும் படிக்கவில்லை. மேல்பாதியில் மட்டும் படிந்தபோது, கீழே குறுக்காக ஒரு கீற்று முழுதாக இருந்ததால் படித்தது. கியூஆர் H நிலையில் ஏறக்குறைய 30 சதவீதம் வரை சேதத்தைத் தாங்கும் என்பார்கள். நடுவில் அப்பியதைத் தாங்கியது. மூலையில் இருக்கும் மூன்று பெரிய சதுரங்களில் ஒன்று மறைந்ததும் கைப்பேசி தடுமாறியது. அதனால் லேபிளைப் பெட்டியின் கைப்பிடி விளிம்பிலிருந்து தள்ளி ஒட்டுகிறேன்.

எதில் அச்சடிப்பது என்பதில்தான் அதிக நேரம் போனது. ரசீது போல வெப்பத்தாலேயே கறுக்கும் லேபிள் காகிதம் மலிவு, ரிப்பனும் வேண்டாம். ஆனால் தகரக் கூரைச் சூட்டில் அது நாளடைவில் மங்கும், எண்ணெய் பட்டால் இன்னும் சீக்கிரம். வாங்கும்போது நகத்தால் வேகமாகக் கீறிப் பாருங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் அது அந்தக் காகிதம்தான். மேலே செலோடேப் ஒட்டிக் காப்பாற்றலாம் என்றால், சில டேப்பின் பசையே எழுத்தை அழித்துவிடும். நான் பாலியெஸ்டர் லேபிளும் ரெசின் ரிப்பனும் போட்டேன். இதற்குப் பிரிண்டரின் சூட்டைக் கூட்டி, வேகத்தைக் குறைக்க வேண்டும். சூடு போதாவிட்டால், துடைக்கும்போது எழுத்து துணியோடு வந்துவிடும். மிஞ்சினால் கறுப்புக் கட்டங்கள் உப்பி, நடுவில் இருக்கும் வெள்ளையை விழுங்கும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் கிடைத்ததும் எஞ்சின் எண்ணெய் நனைந்த துணியால் அழுத்தித் துடைத்தேன். கறுப்பு அசையவில்லை.

படமாகச் செய்து அச்சடித்தால் Fit to page போன்ற அமைப்பு அளவை மாற்றி, கட்டங்களை முழுப் புள்ளியில் விழாமல் செய்துவிடும். என் பிரிண்டருக்கு TSPL கட்டளை புரியும் என்பதால் நேரடியாகவே அனுப்புகிறேன். கட்டங்களைப் பிரிண்டரே வரைந்துகொள்கிறது:

```
SIZE 40 mm,30 mm
GAP 2 mm,0
CLS
QRCODE 30,57,H,6,A,0,"P104"
TEXT 180,96,"3",0,2,2,"P104"
PRINT 1
```

H என்பது பழுது திருத்த நிலை, 6 என்பது ஒரு கட்டத்துக்கான புள்ளி. உங்கள் சுருளில் லேபிள்களுக்கு இடையே உள்ள இடைவெளி 3 மிமீ என்றால் GAP வரியை மாற்றிக்கொள்ளுங்கள்.

கவுண்டரில் லேசர் ஸ்கேனர் அப்படியே இருக்கும். தொழிற்சாலையிலிருந்து பார்கோடோடு வரும் எண்ணெய் போத்தல், பிளக் டப்பா ஆகியவற்றை விற்கும்போது அதுதான் வசதி, மாமாவுக்கும் அதில் கை பழகிவிட்டது. ஸ்டோருக்குள் எல்லாமே கியூஆர்.

தட்டுகளுக்கு ஒட்டி முடிந்தது, பெட்டிகள் பாதி வந்திருக்கின்றன. வழவழப்பான பெட்டிகளை ஆல்கஹால் தொட்டுத் துடைத்த பிறகு லேபிள் நன்றாகப் பிடிக்கிறது. சொரசொரப்பான பழைய பெட்டிகளில் ஓரம் தூக்குகிறது. அவற்றுக்கும் ஆணியில் தொங்கும் பெல்ட், செயின்களுக்கும் தட்டையான பிளாஸ்டிக் அட்டையில் லேபிளை ஒட்டி, கேபிள் டையால் கட்டிப் பார்க்கப்போகிறேன்.