முளைகட்டிய கொள்ளு: கழுவுவதற்கு முன் ஒரு படம், பின் ஒரு படம்

கொள்ளு இந்த முறை அருமையாக வந்துவிட்டது. கொண்டைக்கடலைதான் இன்னும் வழிக்கு வரவில்லை. பங்குனி வெயிலில் நம் ஊர்ப் பக்கம் அது முளை விடுவதற்குள் கொழகொழத்துப் போகிறது.

கோபியிலிருந்து அக்கா கொள்ளுப் படம் ஒன்றை அனுப்பி, "பூசணம் புடிச்சிருச்சு கண்ணு, கொட்டிரட்டுமா?" என்று கேட்டார். முளையைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு போல இருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பஞ்சு எல்லா முளையிலும் ஒரே மாதிரி, வேரின் நுனிக்குச் சற்று மேலே மட்டும் இருந்தது. தோலில் எதுவும் இல்லை. அது வேர்த்தூவி. ஈரம் குறைந்தால் நன்றாகத் தெரியும், தண்ணீர் பட்டதும் வேரோடு படிந்து மறைந்துவிடும். அலசிவிட்டு அதே தட்டில், அதே கோணத்தில் இன்னொரு படம் எடுக்கச் சொன்னேன். இரண்டாவது படத்தில் பஞ்சையே காணோம்.

பூசணம் இப்படி ஒழுங்காக இருக்காது. ஒரு மூலையில் தொடங்கி, தோல், உடைந்த பருப்பு என்று பார்க்காமல் ஒரு பயறிலிருந்து இன்னொன்றுக்கு நூல் கட்டும். சாம்பல், கருப்பு, பச்சை என்று நிறமும் ஏறும். அப்படித் தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் பொறுக்கிப் பயனில்லை, மொத்தத்தையும் கொட்டிவிட வேண்டியதுதான்.

படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள், பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் இருக்கட்டும். மஞ்சள் பல்பின் கீழ் நல்ல முளையும் பழுத்த மாதிரி தெரியும். தாளே மஞ்சளாக இருந்தால் அந்தப் படத்தை வைத்து நிறம் பார்க்காதீர்கள்.

வழவழப்புதான் படத்தில் ஏமாற்றும். அலசிய ஈரமும் மினுங்கும், கொழகொழப்பும் மினுங்கும். நான் இரண்டு விரலில் ஒரு கடலையை நசுக்கி, விரலை மெல்லப் பிரித்து அதைப் படம் எடுக்கிறேன். நூல் இழுத்தால் கெட்டது. என் கடலையில் நூல் இழுத்தவை பெரும்பாலும் ஊறிப் பெருத்தும் முளை விடாதவை. உயிரில்லாத அந்தக் கடலைதான் முதலில் அழுகி மற்றதையும் கெடுக்கிறது. பழைய சரக்கில் இது அதிகம். வழக்கமாக வாங்கும் கடையில் எப்போது கேட்டாலும் "புதுசுங்க" என்றுதான் சொல்கிறார்கள். கொள்ளு காங்கேயம் பக்கத்துக் காட்டிலிருந்து நேராக வந்தது, அதில் இந்தத் தொல்லையே இல்லை.

படத்தில் தெரியாததும் உண்டு. 2011-இல் ஜெர்மனியில் வெந்தய முளையால் ஈ.கோலி பரவி ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தக் கிருமி இருந்தாலும் முளை பார்வைக்கும் வாசனைக்கும் நன்றாகவே இருக்கும். அதனால் எங்கள் வீட்டில் பச்சையாகச் சாப்பிடுவதில்லை, நன்றாக வேகவைத்துத்தான் தாளிக்கிறோம்.

அடுத்து தட்டப்பயறு ஊறப்போடுகிறேன். கடலைக்கு, ஊறியதும் துணி மூட்டைக்குப் பதில் ஓட்டைச் சல்லடையில் ஒரே அடுக்காகப் பரப்பி, உப்பாதவற்றையும் உடைந்தவற்றையும் அப்போதே பொறுக்கிவிட்டுப் பார்க்க வேண்டும்.